அசையாத காலில் வலி தெரிந்தது: பாதி அறுபட்ட தண்டுவடத்தைப் பரிசோதித்த அனுபவம்

பயிற்சி மருத்துவராக நரம்பியல் வார்டில் இருந்தபோது, முதுகில் கத்திக்குத்துப் பட்ட ஒருவரைப் பரிசோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை, காயத்தைச் சுத்தம் செய்து தையல் போட்டாகிவிட்டது. எம்ஆர்ஐ எடுக்க இன்னும் நேரம் இருந்தது. மூத்த மருத்துவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "படம் வர்றதுக்குள்ள எந்தப் பக்கம், எந்த மட்டம், எவ்வளவு அறுபட்டிருக்குன்னு கையால பாத்து எழுதி வைங்க. அப்புறம் ஒப்பிட்டுப் பாக்கலாம்."

காயம் முதுகின் இடப்பக்கம், நடுக்கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி, ஆறாவது மார்பு முதுகெலும்புக்கு நேராக இருந்தது. தண்டுவடம் முதுகெலும்புத் தொடரை விடக் குட்டையானது. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடும். அதனால் மேல் மார்புப் பகுதியில் எலும்பின் எண்ணோடு இரண்டைக் கூட்டினால்தான் உள்ளே இருக்கும் தண்டுவடக் கண்டத்தின் எண் கிடைக்கும். கண்டம் என்பது ஒரு ஜோடி நரம்புகள் கிளம்பும் தண்டுவடத் துண்டு. ஆறாவது எலும்பு என்றால் எட்டாவது மார்புக் கண்டம். இது ஒரு ஊகம்தான், அதை உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் அசைவு. வலது காலை நன்றாகத் தூக்கினார், என் கையை எதிர்த்தும் தள்ளினார். இடது காலில் தொடைத் தசை லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். மூட்டு நகரவில்லை. கைகள் இரண்டும் சரியாக இருந்தன, முகமும் சரி. படுத்தபடியே தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். அப்போது தொப்புள் வலப்பக்கமாக இழுபட்டது. இடது வயிற்றுத் தசைகள் தளர்ந்துவிட்டதால் வலப்பக்கத் தசைகள் தொப்புளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. ஆக, பலவீனம் காலில் தொடங்கவில்லை, வயிற்றிலிருந்தே தொடங்குகிறது. இதை இப்படிக் கண்ணால் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை.

அடுத்து ஊசி. பாதத்திலிருந்து மேல் நோக்கி, மெல்லக் குத்திக்கொண்டே போனேன். கண்களை மூடிக்கொண்டு, கூர்மையா மொட்டையா என்று அவர் சொல்ல வேண்டும். இடது காலில் குத்தியதும் முகம் சுளித்து "கூர்" என்றார். வலது காலில் ஒவ்வொரு முறையும் "மொட்டை". அப்புறம் அவரே கண்ணைத் திறந்து கேட்டார்: "டாக்டர், அசையாத காலுலதான் வலிக்குது. நல்லா அசையிற காலுல தொட்ட மாதிரிதான் இருக்கு. இது எப்படி?"

அந்தக் கேள்விக்கு விடை, ஒவ்வொரு பாதையும் எங்கே பக்கம் மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அசைவுக்கான கட்டளை பெருமூளையின் மேற்பரப்பில் புறப்பட்டு இறங்குகிறது. கார்ட்டிகோஸ்பைனல் பாதை என்பது இதன் பெயர். மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளத்தின் அடியில் இதன் இழைகளில் பத்தில் ஒன்பது பங்கு வரை மறுபக்கம் தாண்டிவிடும். அதாவது தண்டுவடத்துக்குள் நுழையும்போதே இடது காலுக்கான இழைகள் இடப்பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அங்கே இடப்பாதியை வெட்டினால் இடது கால்தான் செயலிழக்கும்.

வலியும் சூடு குளிர்ச்சியும் ஏறும் ஸ்பைனோதலாமிக் பாதை வேறு மாதிரி. தோலிலிருந்து வரும் இழை நரம்பின் பின்வேர் வழியாக உள்ளே நுழைந்து, தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியின் பின்முனையான பின்கொம்பில் இரண்டாவது நரம்பணுவுக்குச் செய்தியைக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது நரம்பணுவின் இழை ஓரிரு கண்டங்களுக்குள்ளேயே நடுவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் வரை ஏறுகிறது. அதனால் வலது காலின் வலி, நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே இடப்பாதிக்கு வந்துவிடுகிறது. இடது காலின் வலியோ வலப்பாதியில் பத்திரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. கத்தி இடப்பாதியை அறுத்தபோது இடது காலின் அசைவும் வலது காலின் வலியும் ஒரே வெட்டில் போயின.

இங்கே இன்னொன்றும் தெளிவானது. மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தால் பொதுவாக அசைவும் உணர்வும் சேர்ந்தே இடப்பக்கம் போகும். ஏனென்றால் அந்த உயரத்துக்குள் எல்லாப் பாதைகளும் பக்கம் மாறி முடித்திருக்கும். கழுத்துக்குக் கீழே பலவீனம் ஒரு பக்கமும் வலியிழப்பு மறுபக்கமுமாகப் பிரிந்து, முகத்தில் எந்தக் குறையும் இல்லை என்றால், நாம் தேட வேண்டிய இடம் தண்டுவடம்.

மூன்றாவது, அதிர்வும் மூட்டு நிலையும். 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி இடது கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பெலும்பு, எங்குமே தெரியவில்லை. கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலே கீழே அசைத்தபோது, எந்தப் பக்கம் போகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இந்த உணர்வுகள் தண்டுவடத்தின் பின்புறத்தில் ஓடும் இழைக்கற்றையான பின் தூண் வழியாக ஏறுகின்றன. உள்ளே நுழைந்த அதே பக்கத்தில் முகுளம் வரை போய், அங்கேதான் அடுத்த நரம்பணுவுக்குக் கைமாறி மறுபக்கம் தாண்டுகின்றன. ஆகவே இடப்பக்க வெட்டில் இடது காலின் அதிர்வுணர்வு போவது சரிதான்.

பஞ்சால் தொட்டபோது மட்டும் குழப்பம் வரலாம். இரண்டு கால்களிலும் அவருக்குத் தொடுகை தெரிந்தது, இடப்பக்கம் சற்று மந்தமாக. சாதாரணத் தொடுகை பின் தூணிலும் போகிறது, எதிர்ப்பக்கத்து முன்புறப் பாதையிலும் போகிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது கொஞ்சம் ஈடு கட்டும். அதனால் பஞ்சை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "உணர்வு நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது ஆபத்து. ஊசியும் டியூனிங் ஃபோர்க்கும் இல்லாமல் இந்தக் காயம் பிடிபடாது. சிறுமூளைக்குப் போகும் பாதைகளும் இந்த வெட்டில் அறுபட்டிருக்கும். ஆனால் கால் அசையாதபோது அதன் ஒருங்கிணைப்பைச் சோதிக்க வழியில்லை.

சரி, பக்கம் தெரிந்துவிட்டது. மட்டம்?

வலப்பக்கம் ஊசியை நகர்த்திக்கொண்டே மேலே வந்தேன். தொப்புள் மட்டத்தைத் தாண்டியதும் "கூர்" என்றார். அந்த இடத்தில் தோலில் பேனாவால் கோடு போட்டேன். தொப்புள் இருக்கும் தோல்பகுதி பத்தாவது மார்புக் கண்டத்துக்கு உரியது. வலி இழைகள் நுழைந்த இடத்தில் அப்படியே குறுக்காகத் தாண்டுவதில்லை, ஓரிரு கண்டம் மேலே ஏறியபடி தாண்டுகின்றன. அதனால் காயத்துக்குச் சற்று மேலே நுழையும் இழைகள் தப்பித்து விடுகின்றன என்பது மட்டுமல்ல, காயத்தின் மட்டத்திலேயோ அதற்கு ஒரு கண்டம் கீழேயோ நுழைபவையும் இடப்பாதிக்கு வந்து சேர்வதற்குள் வெட்டைத் தாண்டிவிட முடிகிறது. எதிர்ப்பக்கத்தில் வலி மறையும் கோடு உண்மையான காயத்துக்கு ஓரிரு கண்டம் கீழே விழுவது இதனால்தான். பத்தில் கோடு என்றால் காயம் எட்டிலோ ஒன்பதிலோ இருக்க வேண்டும்.

இதை உறுதி செய்ய இடப்பக்கத்தில் ஒரு அடையாளம் உண்டு. மார்பெலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவே இடப்பக்கம் மிக மெதுவாக ஊசியைக் கொண்டுபோனேன். சுமார் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை, அதில் வலியும் இல்லை, தொடுகையும் இல்லை. அதற்கு மேலே குத்தினால் வழக்கத்தை விட அதிகமாகச் சுள்ளென்றது. கீழே குத்தினாலும் வலி தெரிந்தது. அந்தப் பட்டைக்கு உரிய இழைகள் நுழையும் வாசலும் பின்கொம்பும் வெட்டிலேயே சிக்கியதால், அவை எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் நின்றுவிட்டன. அவசரமாகக் குத்திக்கொண்டு போனால் இந்தப் பட்டை கண்ணில் படாது. அடுத்தடுத்த நரம்புகள் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று பரவியிருப்பதால் அது குறுகலாகத்தான் இருக்கும். எதிர்ப்பக்கக் கோட்டை விட இந்தப் பட்டைதான் காயத்தின் மட்டத்தை நேராகச் சொல்கிறது.

"இடப்பக்கம், எட்டாவது மார்புக் கண்டம், பாதி வெட்டு" என்று எழுதினேன். கூடவே ஒரு வரி: "வலது கால் கட்டைவிரலிலும் அதிர்வு சற்றுக் குறைவு." அது எனக்கு உறுத்தலாக இருந்தது. இடப்பாதி மட்டும்தான் என்றால் வலது கட்டைவிரல் முழுமையாக இருக்க வேண்டும்.

எம்ஆர்ஐ படம் அந்த உறுத்தலைத் தீர்த்தது. வெட்டு பின்புறத்தில் நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. பின் தூணில் கால்களுக்கான இழைகள் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும், மேலே மேலே நுழைபவை அவற்றுக்கு வெளிப்புறமாகச் சேரும். கத்தி முனை சிறிது தாண்டினாலும் முதலில் பாதிக்கப்படுவது எதிர்க் காலின் அதிர்வுணர்வுதான். கச்சிதமாகப் பாதி வெட்டு என்பது அபூர்வம். நடைமுறையில் பார்ப்பது பெரும்பாலும் இப்படிக் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருக்கும் வெட்டுதான்.

1817இல் மொரீஷியஸில் பிறந்த பிரவுன் சேக்கார் விலங்குகளின் தண்டுவடத்தைப் பாதியாக வெட்டிப் பார்த்து, வலி உணர்வு தண்டுவடத்துக்குள்ளேயே பக்கம் மாறுகிறது என்று காட்டினார். இந்த நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

முதல் நாட்களில் இடது காலின் தசை தளர்ந்து கிடந்தது, முழங்காலில் தட்டினாலும் உதறவில்லை. இதை வைத்துக் காயம் நரம்பு வேரில் என்று முடிவு செய்யக் கூடாது. வெட்டுக்குக் கீழே தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கியிருக்கும் காலம் அது. சில வாரங்களில் அதே கால் விறைக்கத் தொடங்கியது, முழங்கால் அனிச்சை பலமாக வந்தது, உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல் நோக்கி எழுந்தது. சிறுநீர்க் குழாயையும் அதற்குள் எடுத்துவிட முடிந்தது. சிறுநீர்ப்பைக்கான பாதைகள் இரண்டு பக்கமும் இருப்பதால் ஒரு பாதி தப்பினால் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

தண்டுவடக் காயங்களில் நடை திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவற்றில் இதுவும் ஒன்று. அவருக்கு முதலில் முழங்காலை நீட்டும் தசை வந்தது, பாதத்தை மேலே தூக்கும் தசை கடைசியில், அதுவும் அரைகுறையாக. கணுக்காலுக்கு ஒரு பிடிப்பட்டையும் கைத்தடியுமாக நடந்தார். வலப்பக்க ஊசிக் கோடு மட்டும் தொப்புளை விட்டு நகரவில்லை.

வீட்டுக்குப் போகும் முன் அவர் மனைவியிடம் அந்தக் கோட்டைக் காட்டி விளக்கினேன். நன்றாக நடக்கும் வலது காலில் முள் குத்தினாலும் கொதிநீர் பட்டாலும் அவருக்குத் தெரியாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் இரவில் வலது உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், குளிக்கும் நீரின் சூட்டைக் கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். "பலவீனமான காலைப் பத்திரமா பாத்துக்கணும்னுதான் நான் நினைச்சிருந்தேன்" என்றார் மனைவி. இரண்டையும்தான், ஆனால் காயத்துக்கும் சூட்டுக்கும் வலது காலை என்று எழுதிக் கொடுத்தேன்.