பெத்தாவும் பத்து லீற்றர் வாளியும்

களுவாஞ்சிகுடியில் மனைவி வீட்டுக்குப் போன அன்றைக்கென்று மோட்டார் எரிந்துவிட்டது. வளவுக்குள் சீமெந்து வளையம் இறக்கிய கிணறு. கப்பி கிடையாது, கயிறும் வாளியும்தான். மாரியில் கையெட்டும் தூரத்தில் நிற்கிற தண்ணீர், அந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் 12 அடி கீழே கிடந்தது.

ஜிம்முக்குப் போகிறவன் நான். மனைவியின் பாட்டியான பெத்தாவை ஒதுங்கச் சொல்லிவிட்டு வாளியை விட்டேன். பிளாஸ்டிக் வாளி, தாமரை மாதிரி மிதந்தது. பெத்தா கயிற்றை வாங்கி ஒரு சுண்டு சுண்டினா. வாய் கவிழ்ந்து நிரம்பியது.

இழுத்தேன், பாரமே இல்லை. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை தண்ணீரே அதைச் சுமக்கும் என்பது வெளியே வந்த கணத்தில்தான் விளங்கியது. 10 கிலோவும் ஒரேயடியாகத் தொங்க, நானும் கொஞ்சம் கிணற்றுக்குள் போனேன்.

"கூன் போடாத மனே!"

நான் முதுகை வளைத்து, கைகளை முன்னே நீட்டி இழுத்திருக்கிறேன். பாரம் இடுப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. அதைத் தாங்கும் தசையோ முதுகெலும்புக்குப் பின்னால் இரண்டு அங்குலத்தில். துலாக் கணக்குத்தான்: 10 கிலோவுக்கு அந்தத் தசை ஏறத்தாழ 90 கிலோ இழுக்க வேண்டும். பெத்தா நின்ற விதம் வேறு. தொடை கிணற்றுக் கட்டில் முட்ட, ஒரு கால் பின்னால், முதுகு நேராக, இடுப்பில் மட்டும் மடிவு. கயிறு உடம்போடு ஒட்டி வரும். முழங்கை விலாவைத் தாண்டிப் பின்னால் போகும்; அந்த இழுப்பு தோள்பட்டையிலிருந்தும் முதுகிலிருந்தும் வருவது. கை வெறும் கொக்கி.

சரி, அதையும் பழகினேன். நாலாவது வாளியில் முதுகு நன்றாகத்தான் இருந்தது. கைதான் போனது. ஒரு கை மேலே எட்டும்போது மற்றக் கை முழுப் பாரத்தையும் தனியாகத் தாங்குகிறது. முதுகு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விரலுக்குப் பங்காளி இல்லை. எட்டுகிற கைக்கு அந்த ஒரு நொடிதான் ஓய்வு. பெத்தா அதில் விரல்களை முழுக்க விரித்துவிடுகிறா. நானோ பயத்தில் வெறுங்கையையும் இறுக்கிப் பொத்திக்கொண்டே எட்டினேன். முன்கை கல்லாகிவிட்டது. முதலில் சின்ன விரல் திறந்தது. அதைக் கண்டவுடனே நிறுத்தியிருக்க வேண்டும், ஜிம் விடவில்லை. ஈரக் கயிறு உள்ளங்கையால் வழுக்கிக்கொண்டு ஓடியது.

டமார்.

வால் கயிற்றைக் கட்டிவைக்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி வாங்கிவந்து அரை மணிநேரம் துழாவி வாளியைத் தூக்கியது பெத்தாதான். நான் குளிக்கிற தண்ணியையும் அவவே அள்ளி ஊற்றினா.

அடுத்த நாள் காலையில் இடியப்பம். பிசைய விரல் மடங்கவில்லை. பெத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தா.

"இது சாப்பிடுற கரண்டி மனே."