பிள்ளையார் சுழியும் abba-வும்

இன்டர்வியூ அறையில் மார்க்கரைக் கையில் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, போர்டின் உச்சியில் நட்டநடுவே ஒரு பிள்ளையார் சுழி போட்டதுதான். வேண்டுமென்று போடவில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சை பேப்பரிலிருந்து பழகிப்போன கை, எதிரே வெற்றிடத்தைப் பார்த்ததும் தானாகப் போட்டுவிட்டது. எதிரே இருந்த பெங்களூர்க்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த 2 எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த மேடம் மட்டும் லேப்டாப்புக்குப் பின்னால் முகத்தை இறக்கிக்கொண்டார்.

"ஒன்றுமில்லை சார், மார்க்கர் எழுதுகிறதா என்று பார்த்தேன்."

பச்சைப் பொய். அந்த மார்க்கர் உண்மையில் பாதி காய்ந்துதான் இருந்தது என்பது அடுத்த வரியில் தெரிந்தது, அது வேறு விஷயம்.

இரண்டரை வருஷம் ஒரே கம்பெனியில் ரிப்போர்ட் ஸ்க்ரீன்களாகச் செய்துகொண்டிருந்த எனக்கு இதுதான் முதல் போர்டு ரவுண்டு. கேள்வியோ ஊரறிந்த கேள்வி. ஒரு ஸ்ட்ரிங் கொடுப்பார்கள், அதில் எந்த எழுத்தும் இரண்டு முறை வராமல் தொடர்ச்சியாக இருக்கும் மிக நீளமான துண்டு எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டும். வீட்டில் மூன்று தடவை போட்டிருக்கிறேன். ஆனால் வீட்டில் போடும்போது பாதிப் பெயர் தட்டினால் மீதியை எடிட்டரே எழுதிவிடும், தப்பாக இருந்தால் சிவப்புக்கோடு போடும், ரன் பண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இங்கே போர்டு என்னைப் பார்க்கிறது, நான் போர்டைப் பார்க்கிறேன். `i = 0` என்று எழுதினேன். கொஞ்ச நேரம் நின்றேன். அதை அழித்துவிட்டு `left = 0` என்று எழுதினேன். அதில் ஏதோ பெரிய முன்னேற்றம் நடந்துவிட்ட மாதிரி இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டஸ்டர் பக்கத்திலேயே இருக்கும்போது உள்ளங்கையால் அழித்துத் தொலைத்ததில், கை முழுக்க நீல மை, அதே கையால் நெற்றியையும் துடைத்துக்கொண்டது பிறகு லிஃப்ட் கண்ணாடியில்தான் தெரியும்.

நான்கு நிமிஷமாவது ஆகியிருக்கும். பெங்களூர்க்காரர்தான் இரங்கினார். "கோடு எழுத வேண்டாம். abcabcbb, இதற்கு விடை என்ன? கையால் சொல்லுங்கள்" என்றார்.

போர்டில் எழுதிப் பார்த்து 3 என்றேன், abc.

"எப்படிச் சொன்னீர்கள்?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். போர்டில் அந்த எழுத்துகளின் மேல் என் இரண்டு விரல்கள் இருந்தன. வலது விரல் ஒவ்வொரு எழுத்தாக முன்னால் போகிறது, அடுத்த a வந்ததும் இடது விரல் பழைய a-வைத் தாண்டி வந்து நிற்கிறது. நான் தேடிக்கொண்டிருந்த வழி இதேதான். அதை வாயால் சொல்லத் தெரியாமல், காலையில் தாம்பரத்திலிருந்து வந்த பஸ்தான் மனதில் இருந்ததால் பஸ்ஸையே சொன்னேன். பின்வாசலில் ஆள் ஏறுகிறார்கள், முன்வாசலில் இறங்குகிறார்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் உள்ளே இருக்கக்கூடாது என்று கண்டக்டர் கண்டிஷன். புதிதாக ஒரு a ஏறினால், உள்ளே இருக்கும் பழைய a-வும் அவருக்கு முன்னால் ஏறிய எல்லாரும் இறங்கிவிட வேண்டும். பஸ்ஸில் அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் விடை.

அவர் சிரித்தார். உயிர் வந்தது. வாய் திறந்ததும் கையும் ஓடியது. ஒவ்வொரு எழுத்தையும் கடைசியாக எந்த இடத்தில் பார்த்தோம் என்று குறித்து வைத்துக்கொண்டால் பழைய a-வைத் தேடி அலைய வேண்டாம், ஸ்ட்ரிங்கை ஒரே தடவை நடந்து முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். வரிகள் வலப்பக்கம் போகப்போகக் கீழே சரிந்தன, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

```python
def longest(s):
    last = {}
    left = best = 0
    for right, ch in enumerate(s):
        if ch in last:
            left = last[ch] + 1
        last[ch] = right
        best = max(best, right - left + 1)
    return best
```

முடித்துவிட்டு மார்க்கரை மூடினேன். அவசரப்பட்டுவிட்டேன். பெங்களூர்க்காரர் எழுந்து வந்து ஓரமாக `abba` என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"அப்பா..." என்று முனகிவிட்டேன். மேடத்தின் தலை மறுபடி லேப்டாப்புக்குப் பின்னால் போனது.

ஒவ்வொரு எழுத்தாக ஓட்டிப் பார்த்தேன். 0-இல் a, நீளம் 1. 1-இல் b, நீளம் 2. 2-இல் மறுபடி b, பழைய b இருந்தது 1-இல், அதனால் left 2-க்கு வருகிறது, நீளம் 1. இதுவரை சரி. 3-இல் a. பழைய a இருந்தது 0-இல், அதனால் left = 1. நீளம் 3. அதாவது bba. இரண்டு b பல்லிளிக்கின்றன.

முதலில் கூட்டலில்தான் தப்பு என்று நினைத்து, ஒரு +1-ஐ எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டு, அதில் இரண்டு நிமிஷம் போனது. ஆனால் இந்தத் தடவை சும்மா நிற்கவில்லை, வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே இருந்தேன். "left 2-இல் இருந்தது, இப்போது 1-க்கு வந்திருக்கிறது, பின்னால் போகிறதே சார்" என்று சொல்லும்போதே மண்டையில் உறைத்தது. அந்தப் பழைய a எப்போதோ பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டார். என் குறிப்பில் மட்டும் அவர் பெயர் அழியாமல் இருக்கிறது. அவரை இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்துக் கணக்குப் போட்டதில், இறங்கின b ஓடிவந்து திரும்ப ஏறிக்கொண்டார். இறங்கினவர் இறங்கினவர்தான், left முன்னால் மட்டுமே போக வேண்டும்.

```python
            left = max(left, last[ch] + 1)
```

வரிக்கு நடுவில் இடம் இல்லாததால் அம்புக்குறி போட்டு ஓரத்தில் எழுதினேன். 3-இல் இருக்கும் a-வுக்கு இப்போது 2, 1 இரண்டில் பெரியது 2, left அங்கேயே நிற்கிறது, நீளம் 2. விடை 2.

பெங்களூர்க்காரர் போர்டின் உச்சியைக் காட்டினார். "அப்படியானால் விடையைத்தான் முதலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள்!"

இன்னும் ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. அதுவரை பேசாமல் இருந்த மேடம் தமிழிலேயே கேட்டார்: "அந்த abba சரி. நம்ம அப்பாவைக் கொடுத்தா?"

அ, ப், பா. மூன்றும் வேறு வேறு, விடை 3 என்றேன். "உங்க கோடுக்கு அது தெரியுமா?" என்றார். தெரியாது. யூனிகோடில் ப் என்பது ப-வும் புள்ளியும், பா என்பது ப-வும் துணைக்காலும். கோடு பார்ப்பது அ, ப, புள்ளி, ப, துணைக்கால் என்று ஐந்து. அதில் ப இரண்டு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தால் அதிலும் மிக நீளமான துண்டு மூன்றுதான் வந்தது. கணக்கு தப்பு, விடை சரி. என் பள்ளிக்கூட வாழ்க்கையில் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது என்றேன், மேடம் இந்தத் தடவை மறைக்காமலே சிரித்தார்.

கிளம்பும்போது மரியாதைக்கு டஸ்டரை எடுத்து போர்டை அழிக்க ஆரம்பித்தேன். கோடு போனது, abba போனது. மேலே கை நீண்டபோது மேடம் தடுத்தார்.

"அது மட்டும் இருக்கட்டும் தம்பி. அடுத்த பையன் வெளியே உட்கார்ந்திருக்கான்."