நூறு சதவீத மேட்ச்சும் தப்பாகும்

முன்னாடி செஞ்ச மொழிபெயர்ப்பையெல்லாம் மூலத்தோட சேர்த்து வச்சிருக்கிற டிரான்ஸ்லேஷன் மெமரி இல்லாம என்னால வேலை பார்க்க முடியாது, 400 செக்மென்ட், அதாவது 400 வாக்கியத் துண்டு இருக்கற ஃபைல்ல 250 பழசுல இருந்தே வந்து உக்காந்துடும், மூணு நாள் வேலை ஒரே நாள்ல முடியும். ஆனா நேத்து ஒரு நோயாளி படிவத்துல பதறிட்டேன். "அலர்ஜி" கட்டத்துக்கு நேரா "யாருமில்லை"ன்னு நிக்குது!

மூலத்துல None. போன வருஷம் "உடன் வருபவர்" கட்டத்துக்கு அதே None-ஐ "யாருமில்லை"ன்னு போட்டிருந்தேன், அங்க அது சரி. நூறு சதவீத மேட்ச்சுக்கு மெமரி எழுத்தைத்தான் ஒப்பிடும், எந்தக் கட்டம்னு பார்க்காது, அதனால பழசையே போட்டு பச்சையா காட்டிருச்சு. பச்சைக்கு பல இடத்துல காசே கிடையாது, அதான் யாரும் திறந்து பார்க்கிறதில்ல. எண், ஃபார்மட் டேக் எல்லாம் சரியா இருக்கறதால சாஃப்ட்வேர் தானா தப்பு தேடற க்யூஏ செக்கும் பிடிக்காது.

திருத்தும்போதும் கவனம் வேணும். "எதுவுமில்லை"ன்னு மாத்தி அப்படியே கன்ஃபர்ம் பண்ணா, மெமரி செட்டிங்கைப் பொறுத்து பழசு அழிஞ்சு அடுத்த தடவை உடன் வருபவர் "எதுவுமில்லை" ஆயிடுவார். ரெண்டையும் முன்பின் செக்மென்ட்டோட தனித்தனியா சேமிக்கணும். இப்பல்லாம் பழைய மெமரிக்கு 1% பெனால்டி வச்சிடறேன், மேட்ச் 99 ஆயிடும், தானா பூட்டிக்காது. ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை செக்மென்ட்டை மட்டும் ஃபில்டர் பண்ணி, படிவத்தைப் பக்கத்துல திறந்து வச்சு ஒவ்வொண்ணா பார்க்கறேன்.