அப்பாவின் புரோநோட்டுகள்: எது செல்லும், எது செல்லாது

அப்பா மளிகைக் கடையோடு தெரிந்தவர்களுக்குக் கைமாற்றும் கொடுத்துவந்தார். அவர் காலமான பின், அந்தக் கடன்களுக்காக நாங்கள் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க வேண்டுமானால், இறந்தவரின் கடன் பாக்கியை வசூலிக்கும் உரிமையை வாரிசுகளுக்குத் தரும் சக்சஷன் சர்டிபிகேட் தேவை என்றார்கள். மனுவில் காட்டும் தொகைக்கேற்ப ஃபீஸ் கட்ட வேண்டும். தேறாத கடனுக்கு எதற்குப் பணம் கட்டுவது? 2025 கடைசியில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன்.

முதலில் அவர் ஒதுக்கியது ஒரு கல்லூரிப் பையன் பைக் வாங்க எழுதிக் கொடுத்த 40,000 ரூபாய் நோட்டு. ஸ்டாம்ப், கையெழுத்து, சாட்சி எல்லாம் சுத்தம். ஆனால் 2023-இல் எழுதும்போது அவனுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலேயே பிறந்த தேதி இருக்கிறது. மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-இலேயே, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. "இப்போதுதான் மேஜர் ஆகிவிட்டானே, மறுபடி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். அதுவும் பயன்படாதாம். பிறக்காத ஒப்பந்தத்தைப் பின்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பழைய பணத்தைக் காட்டிப் புது நோட்டு எழுதினாலும் நிற்காது. அவன் அப்பா அதில் கையெழுத்துப் போடவில்லை என்பதால் அவரையும் கேட்க முடியாது.

ஃபைலில் ஒரு பழைய லோடு வண்டியின் விற்பனை ஒப்பந்தமும் இருந்தது. இன்ஜினைப் பிரித்ததே இல்லை என்று பொய் சொல்லி அப்பாவிடம் விற்றிருக்கிறார்கள். ஏமாற்றி வாங்கிய சம்மதம் ஒப்பந்தத்தைத் தானாகச் சாகடிக்காது. ஏமாந்தவர் ரத்து செய்யலாம், வேண்டாமென்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஏமாற்றியவருக்கு அந்த உரிமை கிடையாது. மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கும் இதே விதிதான். வக்கீலம்மா கேட்டது ஒரே கேள்வி: "மெக்கானிக் விஷயத்தைச் சொன்ன பிறகும் பாக்கியைக் கட்டினாரா?" கட்டியிருக்கிறார். கட்டிவிட்டு ஒரு வருஷம் வண்டியும் ஓட்டியிருக்கிறார். உண்மை தெரிந்தும் ஏற்றுக்கொண்டதாகவே அது ஆகும். இனி ரத்து செய்ய வழியில்லை. தெரிந்த உடனே வண்டியை நிறுத்தி, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் விட்டிருந்தால் கதை வேறு.

அதிக நேரம் பிடித்தது மற்ற நோட்டுகள்தான். 2022 ஏப்ரல் 10 அன்று ஒரே நாளில் இரண்டு பேர், ஆளுக்கு ஒன்றரை லட்சம், கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதியவை. அப்படிப்பட்ட நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் ஆயுள். இரண்டும் 2025 ஏப்ரலோடு போய்விட்டன என்றே நினைத்தேன். வக்கீலம்மா முதல் நோட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில், 2024 ஜனவரியில் பத்தாயிரம் வட்டி வரவு என்று கடன் வாங்கியவரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கெடு முடிவதற்குள் போட்ட வரவு என்பதால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம். 2027 ஜனவரி வரை வழக்குப் போடலாம்.

இரண்டாவது நோட்டின் முதுகு வெறுமை. அது செல்லாத நோட்டு இல்லை. கடன் இன்னும் கடன்தான். கோர்ட் மட்டும் வசூலித்துத் தராது. கடன்காரர் தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் நாங்கள் வாங்கிக்கொள்ளலாம், கெடு முடிந்துவிட்டதென்று அவர் பிறகு திரும்பக் கேட்க முடியாது. மைனர் நோட்டுக்கு இல்லாத வசதி ஒன்றும் இதற்கு உண்டு: கெடு தாண்டிய கடனைக் கொடுத்துவிடுவதாக எழுதிக் கையெழுத்திட்டால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைப் புது ஒப்பந்தமாக ஏற்கிறது. "கடன் பாக்கி உண்டு" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள் என்றார். கெடுவுக்குப் பின் வெறும் ஒப்புதல் போதாது, தருகிறேன் என்ற வாக்கு வேண்டும்.

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத ஒரு துண்டு நோட்டும் கிடந்தது. ஸ்டாம்ப் குறைந்த மற்ற பல பத்திரங்களை அபராதம் கட்டிச் சாட்சியமாக்கலாம், புரோநோட்டுக்கு அந்தச் சலுகையே இல்லை. தொகை சின்னது, விட்டுவிட்டோம்.

இரண்டாவது நோட்டுக்காரர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நேரில் போனேன். "உங்க அப்பா பணத்தை நான் ஏமாத்துவேனா தம்பி?" என்றார். கொஞ்சம் வட்டியைத் தள்ளச் சொன்னார், தள்ளினோம். பழைய நோட்டின் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு, அம்மாவுக்கும் எனக்கும் தருவதாகப் புது நோட்டு எழுதினார். ஸ்டாம்ப் மேல் குறுக்காகக் கையெழுத்திட்டார். பழையதைக் கிழித்துப் போடச் சொன்னார். அசல் கடனுக்கு அதுதானே ஆதாரம்? இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன். முழுப் பணமும் வந்த பிறகு இரண்டையும் அவரிடமே கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.