ஒரு கடன் விண்ணப்பமும் அதில் இல்லாத வரிகளும்

வங்கியின் கடன் பிரிவில் நான் பணியாற்றிய நாட்களில், சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்தவர் புதிய அச்சு இயந்திரத்துக்காகக் கொடுத்த விண்ணப்பம் இன்றும் நினைவில் இருக்கிறது. பிணையமாகக் காட்டிய தம் வீட்டைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தவர், கடனை எப்படி அடைப்பார் என்பதற்கு "தொழில் நன்றாக நடக்கிறது, தவணை தவறாது" என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டார். பெரும்பாலானோர் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் கடன் மாதாமாதம் வரும் பணத்தில் அடைபட வேண்டியது. பிணையம் என்பது அந்தப் பணம் வராமற்போனால் மட்டுமே வங்கி கைவைக்கும் கடைசி வழி.

அவருடைய கணக்கை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம். ஓராண்டு விற்பனையை 100 என்று வைத்துக்கொண்டால், கைக்காசு வெளியே போகாத செலவான தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிய பின், கடன்களுக்குக் கட்டுவதற்கென்று 10 மிஞ்சியது. வாகனக் கடனுக்கு 2, கேட்டிருந்த மூன்றாண்டுக் கடனுக்கு அசலும் வட்டியுமாக 7, ஆக 9 கட்ட வேண்டும். பத்தை ஒன்பதால் வகுத்தால் 1.1 வருகிறது. ஒரு பெரிய வாடிக்கையாளர் இரண்டு மாதம் பணத்தை இழுத்தடித்தாலே தவணை தவறிவிடும் என்பதால், இந்த விகிதம் 1.25க்குக் கீழே இருந்தால் நாங்கள் தயங்குவோம். கடன் காலத்தை ஐந்தாண்டாக்கியபோது புதிய தவணை ஐந்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. விகிதம் ஏறத்தாழ 1.5 ஆனது. மொத்த வட்டி கூடும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை.

நோக்கத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. "தொழில் விரிவாக்கம்" என்று அவர் எழுதியிருந்த தொகையை இயந்திரத்தின் விலைப்புள்ளியோடு ஒப்பிட்டதில், அதில் கால் பங்கு காகிதமும் மையும் வாங்குவதற்கானது என்று தெரிந்தது.

"ஒரே கடனாக வாங்கிவிட்டால் எளிது என்று நினைத்தேன், சார்," என்றார்.

காகிதம் சில வாரங்களில் விற்பனையாகிப் பணமாகத் திரும்பும், இயந்திரமோ ஆண்டுக்கணக்கில்தான் தன் விலையைத் திரும்ப ஈட்டும் என்று விளக்கி, முன்னதை, வேண்டும்போது எடுத்துப் பணம் வந்ததும் திரும்பக் கட்டும் நடைமுறை மூலதன வரம்பாகவும் பின்னதைத் தவணைக் கடனாகவும் பிரித்துக் கேட்கச் சொன்னேன். இயந்திர விலையில் தம் கையிலிருந்து எவ்வளவு போடுகிறார் என்பதையும் அவர் எழுதியிருக்கவில்லை.

அவ்வளவு விரிவாக எழுதிய அந்த வீடு அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வைத்திருந்த சொத்து என்பது பத்திரத்தைப் படித்தபோதுதான் தெரியவந்தது. அண்ணன் கையெழுத்திடாமல் முழு வீட்டையும் அடமானமாக ஏற்க இயலாது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். சொன்னால் மறுத்துவிடுவோம் என்று அஞ்சியிருந்தார்.

இரண்டாம் விண்ணப்பத்தில் வீட்டுக்கு நான்கு வரிகளே இருந்தன. எந்த வாடிக்கையாளர் எத்தனை நாளில் பணம் தருகிறார் என்ற பட்டியல் ஒரு பக்கத்தை நிறைத்திருந்தது. அதைத்தான் நான் முதலில் படித்தேன்.