வெறும் வயிறு, நிறைந்த சிறுநீர்ப்பை

மார்ச் 4, புதன்

அப்பாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. சீட்டைப் பிரித்துப் பார்த்தால், வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை சர்க்கரை, வயிற்று ஸ்கேன், விழித்திரைப் பரிசோதனை, கடைசியில் சர்க்கரை டாக்டர். முழங்கால் வலியோடு காரில் ஏறி இறங்குவதே அவருக்குப் பெரும்பாடு, அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று முடிவு.

வரவேற்பில் போட்டுக் கொடுத்திருக்கும் நேரம் இது: கண் 9 மணி, டாக்டர் 10, ஸ்கேன் 11:30. யார் எப்போது காலியாக இருக்கிறார் என்று பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் வயிறு எப்போது காலியாக இருக்க வேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை. ஸ்கேன் 11:30 என்றால் அதுவரை அவர் பட்டினி. அதற்குப் பிறகு சாப்பிட்டால், இரண்டாவது ரத்தம் கொடுக்க மதியம் இரண்டு ஆகிவிடும். டாக்டரோ பத்து மணிக்கே ரிசல்ட் எதுவும் இல்லாமல் அவரைப் பார்ப்பார்!

மார்ச் 5, வியாழன்

ஃபோன் செய்து எல்லாவற்றையும் மாற்றினேன். சாப்பாட்டை நடுவில் வைத்து முன்னும் பின்னும் பிரித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக உட்கார்ந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ரத்தம், சிறுநீர், ஸ்கேன். பின்னால் இரண்டாவது ரத்தம், கண், டாக்டர்.

வயிற்று ஸ்கேனுக்குப் பட்டினி எதற்கு என்று அப்பா கேட்டார். சாப்பிட்டவுடன் பித்தப்பை பித்தத்தை வெளியேற்றிச் சுருங்கிவிடும். சுருங்கினால் உள்ளே கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று சரியாகத் தெரியாது. சாப்பிட்டால் குடலில் வாயுவும் சேரும், அது கணையத்தை மறைக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு.

ஆனால் அதே ஸ்கேனில் ப்ராஸ்டேட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை ஒரு ஜன்னல் மாதிரி, அதன் வழியாகத்தான் பின்னால் இருப்பது தெரியும். ஆக வயிறு காலி, பை நிறைவு. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். சிறுநீர் மாதிரியை மட்டும் முதலில் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் குடித்து அடக்கி உட்கார்ந்திருப்பவரிடம் போய் “பாட்டிலில் பிடிச்சுக் கொடுங்க” என்றால் ஸ்கேன் போச்சு.

மார்ச் 7, சனி

மாத்திரை விஷயத்தை நானாக முடிவு செய்யவில்லை. டாக்டரின் கிளினிக்கில் கேட்டேன். சர்க்கரை மாத்திரைகளான கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் காலையில் வேண்டாம், சாப்பிடும்போது அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். பிபி மாத்திரையை வழக்கம்போல ஒரு மடக்கு தண்ணீரோடு போடலாம் என்றார்கள். கிளிமிபிரைட் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும், பட்டினியில் போட்டால் சர்க்கரை தடதடவென்று இறங்கிவிடும். அதே மாத்திரையை அந்தச் சாப்பாட்டோடு போடாமல் விட்டால் இரண்டாவது ரிசல்ட் பொய்யாகக் கூடிக் காட்டும், டாக்டர் தேவையில்லாமல் டோஸை ஏற்றுவார். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதை அவரவர் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. காலை 7:30க்கு ரத்தம் என்றால் பத்தரை மணி நேரப் பட்டினி, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது போதும். அப்பா ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன் என்றார். “அதிகப் பட்டினி இருந்தா ரிசல்ட் நல்லா வராதுப்பா, மயக்கம்தான் வரும்” என்று தடுத்தேன். காலையில் காபி கிடையாது என்றதும் முகம் சுண்டிவிட்டது. பால், சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியும் கூடாது.

பையில் வைத்தது: பழைய ரிப்போர்ட், மாத்திரை, சாப்பாட்டு டப்பா, குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பொடி, மாற்று வேட்டி, கறுப்புக் கண்ணாடி. டிரைவரிடம் போகும்போது மட்டும் வரச் சொன்னேன். திரும்பும் நேரத்தைச் சொல்லிவைத்தால் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க அவருக்குப் பதில் சொல்லியே போய்விடும்.

மார்ச் 10, செவ்வாய்

7:10க்கு வாசலில் இறக்கிவிட்டார். சக்கர நாற்காலியை அப்போதே வாங்கிக்கொண்டேன், பகல் ஏற ஏற ஒன்றும் மிஞ்சாது. சிறுநீர் மாதிரி, ரத்தம் இரண்டும் 7:40க்கு முடிந்தன. உடனே தண்ணீர் ஆரம்பித்தோம். 8:45 ஸ்கேனுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

ஸ்கேன் தாமதம். அவசரக் கேஸ் ஒன்று உள்ளே போய்விட்டது. 9:20க்கு அப்பா காலை ஆட்ட ஆரம்பித்தார், நெற்றியில் வியர்வை. அடக்குவதால் வரும் வியர்வையா, சர்க்கரை இறங்கிய வியர்வையா? இங்கேதான் குளுக்கோமீட்டர் பேசியது: 84. எழுபதுக்குக் கீழே போயிருந்தால் ஸ்கேனாவது ஒன்றாவது, உடனே குளுக்கோஸ்தான். பித்தப்பையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கவுன்டரில் போய், “சிஸ்டர், அப்பா சர்க்கரை நோயாளி, நேத்து ராத்திரியிலிருந்து பட்டினி, மீட்டர்ல 84 காட்டுது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டேன். வெறுமனே “லேட் ஆகுது” என்று சொல்கிறவர்கள் அங்கே நிறைய பேர். எண்ணைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஆளாக உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனதும் டெக்னீஷியன், “ரொம்ப முட்டுதா ஐயா? கொஞ்சம் போயிட்டு வாங்க, முழுசா போகாதீங்க” என்றார். அளவுக்கு மீறி நிறைந்திருந்தால், போன பிறகும் பையில் எவ்வளவு தங்குகிறது என்று எடுக்கும் அளவு தப்பாகக் கூடிவிடுமாம். பாதியில் நிறுத்துவது அந்த வயதில் சுலபமா? அப்பா எப்படியோ சமாளித்தார். படம் எடுத்து, முழுசாகப் போய்விட்டு வரச் சொல்லி, மறுபடி எடுத்தார்கள்.

10:05க்கு முதல் கவளம். இரண்டு மணி நேரக் கணக்கு இங்கிருந்துதான், சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து இல்லை. பன்னிரண்டுக்கு மேல்தான் ரத்தம் என்பதால், அதுவரை நடக்கவிடாமல், வேறெதுவும் கொறிக்கவிடாமல் உட்காரவைத்தேன்.

கண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும் என்பது உண்மைதான். ஆனால் அப்பா வண்டி ஓட்டப்போவதில்லை, நாற்காலி கையில் இருக்கிறது. கண்ணின் பாவை விரிய எப்படியும் அரை மணி ஆகும், லேப் ரிசல்ட் வரவும் நேரம் ஆகும், இரண்டும் ஒரே காத்திருப்பில் கழியட்டும் என்று 12:10க்கு ரத்தம் கொடுத்த கையோடு சொட்டு மருந்துக்குப் போனோம். விழித்திரை ரிப்போர்ட்டும் டாக்டர் கைக்குப் போனது.

டாக்டர் அறைக்கு வெளியே 2:40 வரை. காலை ரிசல்ட் வந்துவிட்டது, இரண்டாவது சர்க்கரை வரவில்லை. லேப் கவுன்டரில் கேட்டதற்கு மெஷினில் ஓடுகிறது என்றார்கள். வரிசையில் இரண்டு பேரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகே உள்ளே போனோம். டாக்டர் கொழுப்பு மாத்திரையை மட்டும் மாற்றினார். மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்த பிறகு வண்டிக்குச் சொன்னேன், பொட்டலம் கைக்கு வரும்போது வண்டியும் வாசலுக்கு வந்தது.

மார்ச் 11, புதன்

அப்பா பதினோரு மணி வரை தூங்கினார். அடுத்த முறைக்கு ஸ்கேனை நாளின் முதல் இடமாகக் கேட்டு இப்போதே பதிந்துவிட்டேன். ரத்தம் எடுக்க அதே ஆஸ்பத்திரியில் முந்தைய நாள் வீட்டுக்கே ஆள் அனுப்புவார்களாம், விசாரித்திருக்கிறேன். அப்படி வந்தால் இரண்டாவது ரத்தத்தையும் வீட்டிலேயே முடித்துவிடலாம், டாக்டரைப் பார்க்கும்போது எல்லா ரிசல்ட்டும் கையில் இருக்கும். பட்டினி மட்டும் இரண்டு காலை ஆகும். அப்பாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.