புதுப் பாலிசி இல்லை, இருபது நிமிடம் போதும்

ஏஜென்ட் போன் செய்தாலே வாடிக்கையாளருக்கு முதலில் தோன்றுவது, "இவர் இன்னொரு பாலிசியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்" என்பதுதான். "உங்கள் பாலிசியை ரிவ்யூ பண்ணலாமா சார்" என்று பொதுவாகக் கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில் கையில் தயாராக இருக்கும்.

வேளச்சேரியில் ஒரு வாடிக்கையாளர். 2009-ல், கல்யாணத்துக்கு முன், என்னிடம் ஒரு எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்தார். நாமினி அவருடைய அப்பா. அப்பா தவறிவிட்டார், ஆனால் பாலிசியில் பெயர் அப்படியே இருந்தது. இந்த நிலையில் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் வாரிசுகளுக்குப் போகும். ஆனால் அதற்கு முன் அம்மா, மனைவி, மகள் என்று எல்லா வாரிசுகளும் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். சில நேரம் கோர்ட் வரையும் போகும்.

அவருக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: "வணக்கம் சார். உங்கள் 2009 பாலிசியில் நாமினியாக இன்னும் அப்பா பெயரே இருக்கிறது. அதை மாற்றவும், வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபார்க்கவும் 20 நிமிடம் வேண்டும். புதுப் பாலிசி பற்றிப் பேச மாட்டேன். சனி மாலை 6 மணியா, ஞாயிறு காலை 10 மணியா, எது வசதி? பாலிசி பாண்டு, புதிய நாமினியின் ஆதார் நகல், கேன்சல் செய்த செக் ஒன்று எடுத்து வைத்தால் போதும்."

ஞாயிறு என்று பதில் வந்தது. அப்பா பெயர் என்ற வரியைப் பார்த்துத்தான் மனைவியும் உடன் உட்கார முடிவு செய்தாராம்.

மகளை நாமினியாகப் போடலாமா என்று வாடிக்கையாளர் கேட்டார். போடலாம், ஆனால் அவள் மைனர் என்பதால் அவள் சார்பில் பணம் வாங்க ஒரு அப்பாயின்டியையும் குறிப்பிட வேண்டும் என்றேன். "அம்மாவுக்கும் கொஞ்சம் பங்கு வைக்கலாமா?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் வழி உண்டு, சதவீதம் எழுதினால் சரி. மனைவிக்கு 70, அம்மாவுக்கு 30 என்று முடிவானது. இருபது நிமிடத்தில் பாதி அந்தப் பேச்சிலேயே போனது, அதுவும் நல்லதுதான்.

சிக்கல் வந்தது இனிஷியலில். மனைவியின் ஆதாரில் அவருடைய அப்பாவின் இனிஷியல், பான் கார்டில் கணவர் பெயர். நம் ஊரில் இது சகஜம். கிளெய்ம் நேரத்தில் அடையாளச் சான்றோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்பதால், ஆதாரில் உள்ளபடியே படிவத்தில் எழுதச் சொன்னேன்.

கிளம்பும்போது, "டேர்ம் பாலிசி ஒன்று வேண்டும் என்று நினைத்தேன்..." என்று ஆரம்பித்தார். இன்று அதற்கு வரவில்லை, வேண்டுமானால் வேறொரு நாள் சொல்லுங்கள் என்றேன்.

படிவம் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. கம்பெனி பதிவு செய்த பிறகுதான் மாற்றம் செல்லும். அதனால் படிவத்தைக் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். நாமினி மாற்றம் பதிவானதற்கான கடிதம் வந்ததும் அதைப் பாண்டோடு சேர்த்துப் பின் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.